செவிப்பறைப் படத்தைப் பார்த்து எழுதுவது எப்படி: நலமா, நீர் கோத்ததா, ஓட்டையா?

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றுக் குடியிருப்பில் ஒரு பிள்ளையின் காதை செவிலியர் படம் எடுக்கிறார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரின் கைக்கு அந்தப் படத்தோடு போவது இரண்டு வரிக் குறிப்பு மட்டும்தான். பிள்ளையின் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்கி வரவேண்டுமா, மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாமா, இன்றைக்கே வண்டி ஏற்ற வேண்டுமா என்பதை அந்த இரண்டு வரி பெரும்பாலும் முடிவு செய்துவிடும். "ஜவ்வு சிவப்பு, இன்ஃபெக்‌ஷன்" என்று மட்டும் எழுதினால் மருத்துவரால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரிந்ததை எழுத வேண்டும். நோயின் பெயரை அவர் வைத்துக்கொள்வார்.

பள்ளி முகாம்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் போனில் இணைக்கும் காதுக் கேமராவோ வீடியோ ஓட்டோஸ்கோப்போ வைத்துப் படம் எடுப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. படத்தில் எதை முதலில் தேடுவது, எந்த வரிசையில் எழுதுவது, எங்கே கண் ஏமாறும் என்பவை இதில் வரும்.

படம் சரியில்லாமல் குறிப்பு சரியாக வராது

பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. இழுத்தால்தான் வளைந்த காதுக்குழாய் நேராகும். கேமரா முனையில் மாட்டும் புனலான ஸ்பெக்குலத்தில், குழாய்க்குள் வலியில்லாமல் போகிற அளவில் பெரியதைப் போடுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 4 மில்லிமீட்டர் போகும், சிறு பிள்ளைகளுக்கு 2.5 அல்லது 3. சிறியது போட்டால் இருட்டான ஒரு துளைதான் படத்தில் விழும். காதுக்குழாயின் வெளி மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே இருப்பது எலும்பு. எலும்புப் பகுதியின் தோல் மிக மெல்லியது, முனை பட்டால் பிள்ளை துள்ளும். அதனால் முனை வெளிப்பகுதியிலேயே நிற்கட்டும். கேமரா பிடித்த கையின் சுண்டுவிரல் பிள்ளையின் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும். தலை அசைந்தால் கையும் கூடவே அசையும், குத்தாது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சாரல் காலத்தில் லென்ஸில் உடனே ஆவி படியும். முனையை உள்ளங்கையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டு உள்ளே விடுங்கள். ஆவி படிந்த படத்தில் நல்ல செவிப்பறையும் மங்கலாகத் தெரியும், அதை "நீர்" என்று எழுதுகிற தவறு அடிக்கடி நடக்கிறது. குழாய்ச் சுவரின் முடியும் தோலும் கூர்மையாக இருந்து செவிப்பறை மட்டும் மங்கலாக இருந்தால் அந்த மங்கலை நம்பலாம். எல்லாமே மங்கல் என்றால் குற்றம் லென்ஸில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் இன்னொரு தொல்லை தேங்காய் எண்ணெய். காது வலித்தால் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எண்ணெய் படிந்த செவிப்பறை பளபளவென்று மின்னும், ஒளிப்புள்ளி நாலைந்து இடத்தில் சிதறும், நிறமும் மஞ்சளாகத் தெரியும். படம் எடுக்கும் முன் "எண்ணெய் விட்டீங்களா?" என்று கேட்டு, விட்டிருந்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

ஒரே ஒரு படத்தோடு நிறுத்த வேண்டாம். ஒரு காதுக்கு மூன்று படம், முடிந்தால் பத்து விநாடி வீடியோவும். ஒரு படம் நேராக, ஒன்று முனையைச் சற்று மேலே சாய்த்து, ஒன்று கீழே முன்பக்கமாகச் சாய்த்து. மேலே சாய்த்து எடுக்கும் படத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபத்தான ஓட்டை ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

முதலில் சுத்தியின் பிடி

படத்தைத் திறந்ததும் கண் நிறத்துக்குத்தான் போகும். அங்கே போகவிடாதீர்கள். நிறம் கேமராவின் விளக்கைப் பொறுத்து மாறும், பிள்ளை அழுதால் மாறும், போனின் திரை மாறினாலும் மாறும். எலும்பு அப்படி இடம் மாறாது. அதனால் முதலில் தேட வேண்டியது செவிப்பறையோடு ஒட்டியிருக்கும் சுத்தி எலும்பின் பிடி.

செவிப்பறை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மெல்லிய வட்டம், கனம் 0.1 மில்லிமீட்டர் அளவு. அது தட்டையாக இல்லை, நடுவில் உள்ளே இழுபட்ட ஆழமில்லாத புனல் போல இருக்கிறது. அதன் மேல்பாதியில் ஒரு வெளிறிய கோடு மேலிருந்து நடுவை நோக்கி இறங்கும். அதுதான் சுத்தியின் பிடி. கோட்டின் மேல்முனையில் அரிசிக் குறுநொய் போல ஒரு சின்னக் குமிழ் வெளியே துருத்தி நிற்கும். கீழ்முனை முடிகிற இடம் புனலின் ஆழமான புள்ளி, அதை நடுக்குழி என்று வைத்துக்கொள்வோம். நடுக்குழியிலிருந்து கீழே முன்பக்கமாக ஒரு முக்கோண வெளிச்சம் விரியும். அது கேமராவின் விளக்கு எதிரொளிப்பது, அதன் பெயர் ஒளிக்கூம்பு. சின்னக் குமிழுக்கு மேலே இருக்கும் சிறிய பகுதி தளர் பகுதி. கீழே இருப்பதெல்லாம் இறுக்கப் பகுதி. சுற்றிலும் தடித்த வெள்ளை விளிம்பு வளையம்.

சின்னக் குமிழும் பிடியும் தெரியவில்லை, செவிப்பறை வெளியே வீங்கியும் இல்லை என்றால் மேற்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். "அடையாளங்கள் தெரியவில்லை, மறுபடம் தேவை" என்று எழுதினால் போதும். குறும்பி மறைத்த காதை "நார்மல்" என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்தக் காது என்று படமே சொல்லும்

வலது காதைப் பார்க்கும்போது நோயாளியின் மூக்கு உங்கள் வலப்பக்கம் இருக்கும். எனவே படத்தில் வலப்பக்கம் முன்புறம், இடப்பக்கம் பின்புறம். செவிப்பறையைக் கடிகார முகமாக நினைத்தால் வலது காதில் பிடியின் மேல்முனை 1 மணிப் பக்கமும் ஒளிக்கூம்பு 5 மணிப் பக்கமும் இருக்கும். இடது காதில் பிடி 11 மணிப் பக்கம், ஒளிக்கூம்பு 7 மணிப் பக்கம்.

பேனா போன்ற கேமரா கையில் உருளும், படமும் கூடவே சுழலும். அப்போது மணிக்கணக்கு எல்லாம் தப்பிப்போகும். ஆனால் படம் எப்படிச் சுழன்றாலும் மாறாத ஒன்று உண்டு. நடுக்குழியில் விரலை வைத்து, பிடியிலிருந்து ஒளிக்கூம்புக்குக் குறுக்கு வழியாக நகர்த்துங்கள். விரல் கடிகார முள் போகிற திசையில் போனால் அது வலது காது. எதிர்த்திசையில் போனால் இடது காது. "வலது" என்று பெயரிட்ட படத்தில் விரல் எதிர்த்திசையில் போகிறது என்றால், பெயர் மாறியிருக்கலாம், அல்லது செயலி படத்தைக் கண்ணாடி போல இடவலம் புரட்டியிருக்கலாம். ஒரு புதுக் கேமராவில் எழுத்து அச்சடித்த காகிதத்தை முதலில் படம் எடுத்துப் பார்த்தால் புரட்டுகிறதா என்று தெரிந்துவிடும். நீர் கோத்து ஒளிக்கூம்பே இல்லாத காதில் இந்தச் சோதனை பயன்படாது. அதனால் ஒவ்வொரு காதுக்கும் முன்னால் "வலது" அல்லது "இடது" என்று எழுதிய சீட்டை ஒரு படம் எடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

நலமான செவிப்பறை

நலமானது முத்துச்சிப்பியின் உட்புறம் போல வெளிர் சாம்பல் நிறத்தில், ஒளி ஊடுருவுவதாக இருக்கும். பிடி தெளிவாக, சரிவாக இருக்கும். மேல் பின்பகுதியில், சுத்திக்கு அடுத்து உள்ளே இருக்கும் பட்டடை எலும்பின் கால் நிழல் போலத் தெரிந்தால் செவிப்பறைக்குப் பின்னால் காற்றுதான் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஒளிக்கூம்பு இல்லை என்பதை மட்டும் வைத்து நோய் என்று எழுதாதீர்கள். நல்ல காதிலும் கேமரா கோணத்தால் அது காணாமல் போகும். நீர் கோத்த காதிலும் சில நேரம் இருக்கும். சிவப்பும் அப்படித்தான். அழுத பிள்ளையின் செவிப்பறையில் பிடியை ஒட்டி இரத்தக் குழாய்கள் புடைத்துச் சிவக்கும். ஆனால் ஒளி ஊடுருவுவது குறையாது, பிடி தெளிவாகவே இருக்கும். சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் பழைய தழும்பு. "முன்கீழ்ப் பகுதியில் வெள்ளைத் திட்டு, மற்றவை நலம்" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

நீர் கோத்தது: ஒரு படத்தை வரிசையாகப் பார்ப்போம்

குளச்சல் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் 7 வயதுப் பையன். "சிஸ்டர், பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான், டிவியைக் கூட்டிக் கூட்டி வைக்கான்" என்கிறார் அம்மா. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, காதில் சலம் வடிந்ததில்லை. இரண்டு மாதம் முன்பு நல்ல சளி. இடது காதில் மூன்று படம் இருக்கின்றன. முகாமில் எழுதிய முதல் குறிப்பு இது: "இடது ஜவ்வு மஞ்சள், மேலே இரண்டு சின்ன ஓட்டை."

முதல் படத்தில் முடி உட்பட எல்லாமே மங்கல், ஆவி. அதை ஒதுக்கிவிடுவோம். இரண்டாவது படத்தில் குழாய்ச் சுவர் கூர்மையாக இருக்கிறது. கீழே கொஞ்சம் குறும்பி. செவிப்பறையில் ஐந்தில் நாலு பங்கு தெரிகிறது. எனவே இதை வைத்துப் பேசலாம்.

பிடியைத் தேடுகிறோம். சின்னக் குமிழ் வழக்கத்தைவிடத் துருத்திக்கொண்டு, வெள்ளை முள் போல நிற்கிறது. பிடி குட்டையாகத் தெரிகிறது. 11 மணிப் பக்கம் இருந்து இறங்க வேண்டியது, 10 மணிப் பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. பிடியின் நீளம் உண்மையில் குறையவில்லை. செவிப்பறை உள்ளே இழுபட்டதால் பிடியின் கீழ்முனை உள்ளும் பின்னுமாகப் போயிருக்கிறது, நாம் அதைச் சாய்வாகப் பார்க்கிறோம். மூக்கின் பின்புறத்துக்கும் நடுக்காதுக்கும் இடையில் உள்ள குழல் அடைபட்டால் உள்ளே காற்று குறையும், செவிப்பறை உள்ளே இழுபடும், பிறகு நீர் ஊறும். அந்த இழுப்புத்தான் படத்தில் தெரிவது. ஆக, நிலை: உள்வாங்கியது.

அடுத்து ஒளி ஊடுருவுகிறதா? இல்லை. பட்டடையின் நிழல் தெரியவில்லை, பரப்பு மங்கிய கண்ணாடி போல இருக்கிறது. அதற்குப் பிறகுதான் நிறம்: கருப்பட்டிக் காப்பியில் பால் ஊற்றுவதற்கு முன் மேலே தெரியும் தேன் மஞ்சள் போன்றது. குழாய்ச் சுவரின் தோல் இயல்பான நிறத்தில் இருப்பதால் இந்த மஞ்சள் விளக்கின் கோளாறு அல்ல.

இனி அந்த "இரண்டு ஓட்டை." மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் படத்தில் மேல் இடப்பக்கம், அதாவது இடது காதின் முன்மேல் பகுதியில், இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. இரண்டும் காம்பஸ் வைத்து வரைந்தது போல முழு வட்டம். விளிம்பில் மயிரிழைக் கருங்கோடு, நடுவில் வெளிச்சம். ஒரு மெல்லிய இரத்தக் குழாய் முதல் வட்டத்தின் மேலாக, எங்கும் அறுபடாமல், குறுக்கே போகிறது. ஓட்டையின் மேல் இரத்தக் குழாய் ஓட முடியாது. எனவே அங்கே செவிப்பறை முழுதாக இருக்கிறது, அதற்குப் பின்னால் நீரில் மிதக்கும் காற்றுக் குமிழியைத்தான் பார்க்கிறோம். காற்று மேலே நிற்கும், குழலின் வாயும் முன்பக்கம்தான். ஆகவே குமிழிகள் முன்மேல் பகுதியில் கூடுவது பொருத்தமே. வீடியோவில் பையன் எச்சில் விழுங்கும்போது சிறிய குமிழி சற்று நகர்கிறது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

திருத்திய குறிப்பு இப்படி வரும்:

"இடது காது, ஆண், 7 வயது. படம் 2, 3 தெளிவு. கீழே சிறிது குறும்பி. செவிப்பறை 80 விழுக்காடு தெரிகிறது, தளர் பகுதி தெரிகிறது, அங்கே மேலோடோ குழியோ இல்லை. பிடி படுத்துக் குட்டையாகத் தெரிகிறது, சின்னக் குமிழ் துருத்தல். செவிப்பறை உள்வாங்கியது, மங்கல், தேன் மஞ்சள். ஒளிக்கூம்பு இல்லை. முன்மேல் பகுதியில் செவிப்பறைக்குப் பின்னால் இரண்டு காற்றுக் குமிழி. ஓட்டை இல்லை. வலி, காய்ச்சல், வடிதல் இல்லை. கேட்புக் குறைவு, ஏறக்குறைய 2 மாதம். எண்ணெய் விடவில்லை. வகை: நீர் கோத்தது."

முதல் குறிப்பை நம்பியிருந்தால் பையனைக் கடலில் குளிக்க விடாதே, காதில் பஞ்சு வை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், கேட்புச் சோதனைக்கு யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். இப்படி வலியில்லாமல் கோத்த நீர் பெரும்பாலும் தானே வற்றும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஆனால் கேட்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்தும் நீர் நின்றால் மருத்துவர் அடுத்ததை முடிவு செய்வார்.

எல்லாக் காதிலும் குமிழி தெரியாது. சிலவற்றில் மயிரிழை போன்ற கோடு ஒன்று குறுக்கே வளைந்து செல்லும், அது நீரின் மேல்மட்டம். தலையைச் சாய்த்தால் அந்தக் கோடும் நகரும். நடுக்காது முழுவதும் நிறைந்துவிட்டால் குமிழியும் இருக்காது, கோடும் இருக்காது. மங்கலும் படுத்த பிடியும் மட்டும்தான் மிஞ்சும். தவறவிடுவது இந்த வகையைத்தான்.

செவிப்பறை வெளியே வீங்கியிருந்தால் அது வேறு கதை. பிடி தெரியாது. சின்னக் குமிழும் மூழ்கிப்போகும். பரப்பு வடைமாவு உப்பினது போல வெளியே தள்ளும், சிவப்பும் வெளிறிய மஞ்சளும் கலந்திருக்கும், பிள்ளைக்கு வலியும் காய்ச்சலும் இருக்கும். உள்ளே இருப்பது நீரல்ல, சலம். நலம், நீர் கோத்தது, ஓட்டை என்ற மூன்று வகையில் இதையும் "நீர் கோத்தது" என்ற தலைப்பில்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆனால் "வெளியே வீங்கியது" என்ற சொல் குறிப்பில் இருந்தே ஆக வேண்டும். காத்திருக்கலாமா, இன்றே பார்க்க வேண்டுமா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளியிருந்தால் படத்துக்காக நேரம் போக்காமல் அனுப்பிவிடுங்கள்.

பெரியவர்களில் ஒரு காதில் மட்டும் நீர் இருந்தால் அதை அழுத்தி எழுதுங்கள். மூக்கின் பின்புறத்தில் கட்டி இருந்து குழலை அடைத்திருக்கலாம், மருத்துவர் அங்கே பார்த்தாக வேண்டும். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவரின் செவிப்பறை கருநீலமாக இருந்தால் பின்னால் நிற்பது இரத்தம். அவசரம்.

ஓட்டை: கறுப்பைத் தேடாதீர்கள்

ஓட்டை என்றால் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துத் தேடினால் பாதி ஓட்டைகள் தப்பிவிடும். ஓட்டை வழியாக விளக்கு உள்ளே போய் நடுக்காதின் உட்சுவரில் படும். அந்தச் சுவர் வெளிறிய இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் கலந்த நிறம், ஈரமாக மின்னும். பெரிய ஓட்டையில் தெரிவது அதுதான். தேட வேண்டியது விளிம்பை. பரப்பு ஓர் இடத்தில் சட்டென்று முடிகிறதா, அதற்கு அப்பால் ஆழத்தில் வேறொரு பரப்பு தொடங்குகிறதா? இரத்தக் குழாய்கள் அந்த விளிம்பில் அறுபட்டு நிற்கின்றனவா? இரண்டும் ஆம் என்றால் ஓட்டை.

பழைய ஓட்டையின் விளிம்பு வழுவழுப்பாக, தடித்து, வெளுத்திருக்கும். கன்னத்தில் அறை வாங்கியோ பட்ஸ் குத்தியோ நேற்றுக் கிழிந்ததன் விளிம்பு ஒழுங்கில்லாமல், முனைமுனையாக, இரத்தக் கறையோடு இருக்கும். புதிதாகக் கிழிந்தது பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதைக் கழுவக்கூடாது, சொட்டு மருந்தோ எண்ணெயோ விடக்கூடாது. அதனால் எப்போது ஆனது என்று கேட்டு எழுதுங்கள்.

குறிப்பில் நான்கு செய்திகள் வேண்டும்: இடம், அளவு, விளிம்பு வளையத்தைத் தொடுகிறதா, ஈரமா வறண்டதா. இடத்துக்கு, பிடியின் கோட்டைக் கீழே நீட்டி, நடுக்குழியில் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு போட்டு நாலு கால்வட்டம் ஆக்குங்கள்: முன்மேல், முன்கீழ், பின்மேல், பின்கீழ். அளவை மில்லிமீட்டரில் எழுத வேண்டாம், படத்தில் அளக்க முடியாது. செவிப்பறையில் எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். ஒரு கால்வட்டம் முழுவதும் போயிருந்தால் ஏறக்குறைய 25.

இவற்றில் மூன்றாவதுதான் எடை மிகுந்தது. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கொஞ்சமாவது செவிப்பறை மிச்சமிருந்தால் அது நடு ஓட்டை. பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் பொறுத்துச் சரிசெய்யக் கூடியது. பின்மேல் பகுதியில் விளிம்பு வளையத்தையே தொட்டிருந்தாலோ, சின்னக் குமிழுக்கு மேலே தளர் பகுதியில் ஓட்டையோ குழியோ இருந்தாலோ, அங்கே தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய் இருக்கலாம். அதன் அடையாளம் பெரும்பாலும் ஓட்டையாகத் தெரியாது. தளர் பகுதியில் காய்ந்த பழுப்பு மேலோடு, அல்லது தயிர்த்துணுக்கு போன்ற வெள்ளைப் பொருள். பார்ப்பவர் குறும்பி என்று விட்டுவிடுவார். குறும்பி காதுக்குழாயின் வெளிப்பகுதியில்தான் உருவாகும், செவிப்பறையின் மேல்பகுதியில் ஒட்டிய மேலோடு குறும்பி அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்றமடிக்கும் வடிதல், தலைசுற்று, முகம் ஒருபக்கம் கோணுவது இவற்றில் ஒன்று சேர்ந்தால் அன்றே அனுப்ப வேண்டும். தளர் பகுதி படத்தில் விழவே இல்லை என்றால் "தளர் பகுதி தெரியவில்லை" என்ற மூன்று சொல்லை விடாமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் படிப்பவர் அது நலம் என்று எடுத்துக்கொள்வார்.

ஓட்டை போலத் தெரியும், ஓட்டை அல்ல

ஓட்டை ஆறும்போது சில நேரம் நடு அடுக்கு இல்லாமல் மெல்லிய தோல் மட்டும் மூடிக்கொள்ளும். அது பாலித்தீன் தாள் போல அவ்வளவு தெளிவாக இருப்பதால் படத்தில் அப்படியே ஓட்டையாகத் தெரியும். தேங்காப்பட்டணம் பக்கம் கடலில் தொழில் செய்யும் ஒருவருக்குச் சின்ன வயதில் காது வடிந்தது, இப்போது வறண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது பின்கீழ்ப் பகுதியில் நல்ல வட்டமாக ஒரு "ஓட்டை." அதை நம்புவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் எங்காவது விளக்கின் எதிரொளி ஒரு கோடாகவோ புள்ளியாகவோ, உட்சுவரின் ஈர மினுப்பிலிருந்து விலகி, செவிப்பறை மட்டத்திலேயே நிற்கிறதா? கேமராவை லேசாக அசைக்கும் வீடியோவில் அந்த ஒளி வட்டத்தின் குறுக்கே வழுக்கிப் போகிறதா? போனால் அங்கே தோல் இருக்கிறது. காது வலியோ சளியோ இல்லாதவர் என்றால் மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதச் சொல்லி வீடியோ எடுக்கலாம். மெல்லிய தோல் குமிழ் போல வெளியே உப்பும், ஓட்டை உப்பாது. சந்தேகம் தீராவிட்டால் "ஓட்டை அல்லது மெல்லிய ஆறிய சவ்வு" என்று இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஈரக்காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் காளான் வரும். நனைந்த செய்தித்தாள் போல வெள்ளையும் சாம்பலும், மேலே கறுப்புப் புள்ளிகளும். அதன் கீழே ஓட்டை இருக்கிறதா என்று படம் சொல்லாது. "காளான் போன்ற பொருள் மறைக்கிறது, செவிப்பறை மதிப்பிட முடியவில்லை." அவ்வளவுதான். அதைத் தண்ணீர் பீச்சிக் கழுவிவிட்டு மறுபடம் எடுக்க முயல வேண்டாம், கீழே ஓட்டை இருந்தால் தண்ணீர் நடுக்காதுக்குள் போகும்.

படம் எதுவரை சொல்லும்

செவிப்பறை அசைகிறதா என்பதைப் படம் சொல்லாது. நீர் இருந்தால் அசைவு குறையும். காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பும் டிம்பனோமீட்டரும் அதற்காகவே இருக்கின்றன. டிம்பனோமீட்டர் தாள் கையில் இருந்தால் படத்தோடு சேர்த்துப் படியுங்கள். கோடு மேடில்லாமல் தட்டையாக இருந்து, காதுக்குழாயின் கொள்ளளவு அந்த வயதுக்கு இயல்பாக இருந்தால் நீர். கோடு தட்டை, ஆனால் கொள்ளளவு மிக அதிகம், சிறு பிள்ளைக்கு 2 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் கருவி ஓட்டை வழியாக நடுக்காதையும் சேர்த்து அளந்திருக்கிறது. ஓட்டை என்று எழுதிய படத்துக்கு இயல்பான கொள்ளளவு வந்தால் மறுபடியும் படத்தைத் திறந்து, அது குமிழியா, ஆறிய சவ்வா என்று பாருங்கள். கொள்ளளவு மிகக் குறைவாக வந்தால் முனை சுவரில் முட்டியிருக்கும், அல்லது குறும்பி. அளவைத் திரும்ப எடுக்க வேண்டும்.

குளச்சல் பையனுக்கு மூன்று மாதம் கழித்து எடுக்கும் படம் அதே கேமராவில், அதே அளவு ஸ்பெக்குலத்தில், சின்னக் குமிழ் படத்தின் மேல்பக்கம் வரும்படி இருக்கட்டும். பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து முதலில் பிடியின் சாய்வை ஒப்பிடுங்கள், பிறகு குமிழிகள், கடைசியாக நிறம். பிடி எழுந்து 11 மணிப் பக்கம் வந்திருந்து, பட்டடையின் நிழலும் தெரிந்தால் "நீர் வற்றியது" என்று எழுதலாம். மஞ்சள் மட்டும் குறைந்து பிடி இன்னும் படுத்தே இருந்தால் "நிறம் தெளிந்தது, உள்வாங்கல் நீடிக்கிறது" என்று எழுதி, கேட்புச் சோதனைத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.